ஊட்டி மாவும் மதுரை மாவும்

மதுரை செல்லூரில் அக்கா மாவு ஆட்டி விற்கிறார். ஊட்டி மார்க்கெட் பக்கம் தம்பி மெஸ் நடத்துகிறார். இருவருக்கும் தொழில் சொல்லிக்கொடுத்தது அம்மா. அளவும் அம்மா சொன்னதுதான்: எட்டுக் கிலோ இட்லி அரிசிக்கு இரண்டு கிலோ முழு உளுந்து, ஒரு கைப்பிடி வெந்தயம். அரிசி, உளுந்துகூட மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடையிலிருந்துதான் ஊட்டிக்கு லாரியில் போகிறது. பொருளும் அளவும் கைப்பக்குவமும் ஒன்றாக இருக்க, சுற்றியிருக்கும் சூடு மட்டும் மாறினால் மாவு என்ன செய்யும்? மே மாதம் அக்காவின் கடையிலும், ஜனவரியில் தம்பியின் அடுப்படியிலும் ராத்தங்கி, தெர்மாமீட்டரும் கையுமாகப் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஊட்டி. பிற்பகல் மூன்று மணிக்கு கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியில் வெப்பம் 15 டிகிரி. கீழே சமவெளியில் நாலு மணி நேரம் ஊறினால் போதும் என்கிற அரிசியை இங்கே காலையிலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். "பச்சைத் தண்ணியில போட்டா அரிசி நடுவுல ஊறவே ஊறாது சார், நறநறன்னு நிக்கும்" என்றார்.

உளுந்துக்கு மட்டும் குழாய்த் தண்ணீர்தான். ஒரேயடியாக ஊற்றாமல், கையால் அள்ளி அள்ளித் தெளித்துக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் ஆனபோது கல்லைச் சுற்றி மாவு வெள்ளையாக எழும்பி நின்றது. நெல்லிக்காய் அளவு எடுத்து ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டார், முங்காமல் மிதந்தது. "உளுந்து கண்டிருக்கு" என்று கிரைண்டரை நிறுத்தினார். உளுந்தில் உள்ள புரதமும், கையில் வழவழவென்று ஒட்டுகிற பசைப்பொருளும் சேர்ந்து காற்றைச் சின்னச் சின்னக் குமிழாகப் பிடித்து வைக்கின்றன. ராத்திரி உண்டாகப்போகிற வாயு தங்குவதற்கு இந்த அமைப்புதான் இடம். ஆட்டும்போது மாவு சூடாகிவிட்டால் இந்தப் பிடிமானம் தளர்ந்துவிடும். அதனால்தான் குளிரூரிலும் உளுந்துக்கு வெந்நீர் சேர்ப்பதில்லை.

அடுத்து அரிசி. இதற்கு வெந்நீர் கலந்து, ரவை பதத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார். இரண்டையும் அண்டாவில் போட்டுக் கையால் கலக்கி முடித்தபோது தெர்மாமீட்டர் 28 டிகிரி காட்டியது. அவரிடம் தெர்மாமீட்டர் கிடையாது. முழங்கை வரை மாவில் விட்டு, குளிரவும் இல்லை, சுடவும் இல்லை என்று தெரிந்தால் சரி என்பார். அரிசிக்கு ஊற்றுகிற வெந்நீரை வைத்தே அந்தச் சூட்டைக் கொண்டுவந்துவிடுகிறார். பிறகு முந்தின நாள் மாவு ஒரு கரண்டி. உப்பு போடவில்லை.

மாவைப் பொங்க வைப்பது வெளியிலிருந்து வருகிற எதுவும் இல்லை. உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருகிற பாக்டீரியாக்கள்தான். இதை 1965-இல் முகர்ஜி, ஸ்டெய்ன்கிராஸ் முதலானோர் ஆராய்ந்து எழுதினார்கள். முதலில் பெருகுவது லூகோனோஸ்டாக் மெசென்ட்ராய்டிஸ். அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும், கூடவே கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் வெளியே விடுகிறது. மாவு எழும்புவது பெரும்பாலும் இதன் வேலை. மாவு புளிக்கப் புளிக்க என்டரோகாக்கஸ், பீடியோகாக்கஸ் போன்றவை கை ஓங்குகின்றன. இவை வாயு விடுவதில்லை. அமிலத்தை மட்டும் கூட்டுகின்றன. ஆக, ராத்திரி அண்டாவுக்குள் இரண்டு வேலை நடக்கிறது: ஒன்று பொங்குவது, இன்னொன்று புளிப்பது. நல்ல இட்லிக்கு முதல் வேலை நிறைவாகவும் இரண்டாவது அளவாகவும் முடிந்திருக்க வேண்டும். மாவின் அமிலத்தன்மை பி.எச். கணக்கில் 6 அருகே தொடங்கி, 4.5 பக்கம் வரும்போது பக்குவம் என்று பொதுவாகச் சொல்வார்கள். லூகோனோஸ்டாக்குக்கு இருபதுகளின் பின்பாதியிலிருந்து முப்பது டிகிரி வரை தோது. தம்பியின் முழங்கை பார்த்துச் சொல்லும் சூடும் அதேதான்.

அண்டாவுக்கு மூடி போட்டு, இரண்டு சணல் சாக்கைச் சுற்றி, அடுப்பு மேடைக்கு அடியில் மரப்பெட்டிக்குள் இறக்கினார். இருபது கிலோவுக்கு மேல் இருக்கிற மாவு எளிதில் குளிராது. நான் கேட்டுக்கொண்டதால் ஒரு தூக்கில் இரண்டு கிலோ அளவு எடுத்து, எதுவும் சுற்றாமல் ஜன்னலோரம் வைத்தார்.

விடிகாலை ஐந்து மணிக்கு அண்டாவைத் திறந்தோம். மாவு 23 டிகிரிக்கு இறங்கியிருந்தது. ஆனால் ஏறக்குறைய இரண்டு மடங்காகி, நடுவில் லேசாக மேடு தட்டி நின்றது. கரண்டியை ஓரமாக விட்டு மெல்லத் தூக்கினார்; பிய்ந்த இடத்தில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள். உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி, அடியிலிருந்து மேலாக நாலைந்து முறை புரட்டினார், அவ்வளவுதான். அடித்துக் கலக்கினால் ராத்திரி முழுக்கச் சேர்ந்த வாயு போய்விடும்.

தூக்கு மாவு 13 டிகிரியில் இருந்தது. ஒரு விரல்கடை கூட ஏறவில்லை. புளித்த மணமே இல்லை, பச்சை உளுந்து வாசம்தான். அதில் ஒரு தட்டு ஊற்றிப் பார்த்தோம். வெளுப்பாக, தட்டையாக, பிட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. மிச்சத்தை அவர் கொட்டவில்லை. தூக்கை வெந்நீர்ப் பானை பக்கத்தில் நகர்த்தி வைத்தார். மத்தியானம் தாண்டி அதுவும் பொங்கி வந்தது. சாயங்காலம் ஊற்றிய இட்லியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிரில் பாக்டீரியா சாவதில்லை, மெதுவாகிறது. பொங்குவதும் புளிப்பதும் சேர்ந்தே பின்தங்குகின்றன. அதனால் இட்லி தாமதமாகிறதே தவிர, கைவிட்டுப் போவதில்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. பத்து டிகிரி பக்கத்தில் ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் உளுந்தின் நுரை தானாகவே அமுங்கத் தொடங்கும். அரிசி கனமாக அடியில் படியும், மேலே நீர் தெளியும். அதன்பின் சூடு காட்டினால் மாவு புளிக்கும், பழையபடி எழும்பாது. முந்தின நாள் மாவு ஒரு கரண்டி சேர்ப்பது இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான். பாக்டீரியா அதில் ஏற்கெனவே பெருகியிருக்கிறது. அளவு கூடினால் அமிலமும் கூடவே வரும் என்பதால் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறார். உப்பும் பாக்டீரியாவைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அதனால் குளிரில் அதைக் காலைக்குத் தள்ளிவைக்கிறார்.

மதுரையில் கதையே வேறு. மே மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்காவின் கடைக்குள் 36 டிகிரி. உளுந்து ஆட்ட ஐஸ்கட்டி போட்ட தண்ணீர் ஒரு வாளி நிறைய இருந்தது. "ஐஸ் இல்லாம ஆட்டுனா கல்லு கொதிச்சுப் போகும் தம்பி. உளுந்து காணாது, மாவு கையிலயே புளிச்சிரும்" என்றார். அரிசிக்கும் அதே தண்ணீர். கலக்கும்போதே உப்பும் போட்டார். ஊட்டியில் தள்ளிவைத்த அதே உப்பு இங்கே முதலிலேயே உள்ளே போகிறது. கலந்த மாவு 29 டிகிரி. அக்கா அதை ஒரே அண்டாவில் வைக்கவில்லை. நாலு குண்டான்களில் பிரித்து, தண்ணீர் நிறைந்த அகலத் தாம்பாளத்தில் உட்கார வைத்தார். பெரிய பாத்திரத்தில் இருந்தால் நடுவில் உள்ள சூடு வெளியேறாமல், ஓரம் ஒரு பக்குவம், நடு ஒரு பக்குவமாகிவிடும்.

ராத்திரி பதினொரு மணிக்கெல்லாம் மாவு இரண்டு மடங்கு. மேல் பரப்பு மேடாக இருந்து அப்போதுதான் சமமாகிக்கொண்டிருந்தது. அக்கா பார்ப்பது அந்த மேல் பரப்பைத்தான். மேடாக இருந்தால் இன்னும் ஏறும், சமமானால் உச்சம், நடுவில் குழிந்தால் தாண்டிவிட்டது. சமமான நிலையில் மூன்று குண்டான்களைப் பெரிய குளிர்பெட்டிக்குள் தள்ளினார். அந்தக் குளிரில் பொங்குவது ஏறக்குறைய நின்றுவிடும், புளிப்பு மெல்லத்தான் கூடும். நாலாவதை எனக்காக வெளியிலேயே விட்டுவைத்தார்.

காலை ஐந்தரைக்கு அந்தக் குண்டானைப் பார்த்தபோது உள்சுவரில் மாவு ஏறி நின்ற தடம் காய்ந்து ஒட்டியிருந்தது. மாவோ அதற்கு நாலு விரல் கீழே குழிந்து கிடந்தது. மூக்கில் ஏறுகிற புளிப்பு. கரண்டியால் தூக்கினால் ஓட்டை எதுவும் தெரியாமல் நீர்த்து வழிந்தது. அதில் ஊற்றிய இட்லி தட்டையாக, கனமாக, நல்ல புளிப்போடு வந்தது. குளிர்பெட்டி மாவில் ஊற்றியது குண்டாக, மெத்தென்று வந்தது. ஒரே கிரைண்டரில் ஒரே நேரத்தில் ஆட்டிய மாவு.

சூடு கூடும்போது இரண்டு வேலையும் ஒரே அளவில் வேகமெடுத்தால், நேரத்தைக் குறைத்துக்கொண்டால் போதும். அப்படி நடப்பதில்லை. முப்பதுகளின் நடுவில் அமிலம் மட்டும் விடுகிற கூட்டத்துக்குத்தான் தோது அதிகம். வாயு விடுகிற லூகோனோஸ்டாக் பின்வாங்குகிறது. அமிலம் ஏற ஏற, குமிழ்களைப் பிடித்து நிற்கிற உளுந்தின் கட்டு தளர்கிறது, மாவு நீர்க்கிறது, வாயு வெளியேறுகிறது. அமிலத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. சமையல் சோடா போட்டால் புளிப்பு கொஞ்சம் அமுங்கும், உளுந்தின் கட்டு திரும்பாது. ஊட்டித் தூக்கைச் சூடு காட்டி மீட்க முடிந்தது. மதுரைக் குண்டானை மீட்க முடியவில்லை. அக்கா அதில் அரிசி மாவு கலந்து, வெங்காயம் நறுக்கிப் போட்டு ஊத்தப்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் மாவு ஆட்டுகிறவர்கள் இந்த இருவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கலந்து முடித்த மாவின் சூடு. அதை 27, 28 டிகிரிக்குக் கொண்டுவர மே மாதம் ஐஸ் தண்ணீரும், மார்கழியில் அரிசிக்கு வெந்நீரும் வேண்டும். அடுத்தது, ஆட்டும் நேரம். "ராத்திரி முழுக்கப் பொங்கணும்" என்பது மார்கழிக் கணக்கு. கோடையில் ஆறு மணி நேரத்திலேயே மாவு உச்சத்துக்கு வந்துவிடுகிறது. சாயங்காலம் ஐந்துக்கு ஆட்டினால் தூங்கப்போகும் முன் பார்த்து, மேல் பரப்பு சமமானதும் பிரிட்ஜில் வைக்க வேண்டும். அதற்குத் தோதில்லாதவர்கள் ராத்திரி பத்துக்கு ஆட்டிவிட்டு, விடிகிறபோது எழுந்து ஊற்றலாம். குளிர்காலத்தில் காலையில் மாவு ஏறாமல் இருந்தால் சோடாவைத் தேட வேண்டாம். பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி வைத்துவிட்டு, அன்று காலைக்கு உப்புமா கிண்டலாம். இட்லி ராத்திரிக்கு ஆகிவிடும்.