போட்டோ உண்மை, லெட்டர் உண்மை, க்யூஆர் யாரோடது?

மருத்துவ உதவி கேட்டு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் வந்தா, நம்மில் பாதிப் பேர் "ஃபேக்கா இருக்கும்"னு தள்ளி விட்டுடுறோம். மீதிப் பேர் நூறு ரூபாய் போட்டுட்டு, நாலு குரூப்புக்கு ஃபார்வர்டு பண்றோம். ஆனா, உண்மையான கோரிக்கைகள் நிறையவே இருக்கு. 2021-ல் நாமக்கல் மாவட்டக் குழந்தை ஒன்றுக்கு 16 கோடி ரூபாய் ஊசி தேவைப்பட்டது. முன்பின் தெரியாதவங்க கொடுத்த பணம் சேர்ந்துதான் அதை வாங்க முடிஞ்சது. இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செஞ்சது.

ஏமாத்துறவங்களுக்கும் இது தெரியும். அதனால அவங்க புதுசா கதை எழுதிக் கஷ்டப்படுறதில்லை. உண்மையான போஸ்டரை எடுத்து, பணம் போற இடத்தை மட்டும் மாத்திடுறாங்க. போட்டோவையும் லெட்டரையும் மட்டும் பார்த்துட்டு "ஜெனியூன்தான்"னு சொல்றதுல அர்த்தம் இல்லாம போறது இதனாலதான்.

போன செமஸ்டர்ல எங்க கிளாஸ் குரூப்புக்கு அப்படி ஒண்ணு வந்தது. ஆவடிப் பக்கத்துக் குழந்தை, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. ஒரு தனியார் மருத்துவமனையோட லெட்டர்ஹெட்ல எஸ்டிமேட், ஐசியூ போட்டோ, கீழே க்யூஆர் கோடு. நானும் அம்பத்தூர்ல இருந்து வர்ற ஃப்ரெண்டும் செக் பண்ண உட்கார்ந்தோம்.

முதல்ல மருத்துவமனை. போஸ்டர்ல இருந்த நம்பரை விட்டுட்டு, அவங்க வெப்சைட்ல இருந்த நம்பருக்குப் பேசினோம். "நோயாளி விவரம் வெளியாட்களுக்குச் சொல்ல மாட்டோம்"னு சொன்னாங்க. அது நியாயமான பதில்தான். அதனால கேள்வியை மாத்தினோம்: "எஸ்டிமேட்ல ஒரு நோயாளி எண் இருக்கு. அந்த எண்ணுக்கு நாங்க நேரடியா பணம் கட்டலாமா?" பில்லிங் கவுன்ட்டருக்கு லைன் கொடுத்தாங்க. எண்ணையும் பேரையும் கேட்டுச் சரிபார்த்துட்டு, "கட்டலாம், ரசீது நோயாளி பேர்லதான் வரும்"னு சொன்னாங்க. நோயாளி, மருத்துவமனை ரெண்டுமே உண்மைன்னு அந்த ஒரே கேள்வியில தெரிஞ்சுபோச்சு.

அடுத்தது அக்கவுண்ட். யூபிஐ க்யூஆர்ங்கிறது உள்ளுக்குள்ள வெறும் ஒரு வரி டெக்ஸ்ட்தான்:

```
upi://pay?pa=abc123@bank&pn=Child%20Medical%20Fund
```

இதுல `pa` பணம் போற முகவரி. `pn` க்யூஆரை உருவாக்குறவர் டைப் பண்ற பேர். அங்க என்ன வேணும்னாலும் எழுதலாம். அதனாலதான் வங்கியில பதிவான பேரையே ஆப்ல காட்டணும்னு என்பிசிஐ 2025-ல் உத்தரவு போட்டது. ஸ்கேன் பண்ணி, பின் போடாம, அந்தப் பேரை மட்டும் படிச்சோம். எஸ்டிமேட்ல இருந்த அப்பா பேருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

பேர் வேறயா இருந்தா உடனே மோசடின்னு சொல்லிட முடியாது. மாமா, சித்தப்பா அக்கவுண்ட்டா இருக்கலாம். மிலாப், கெட்டோ மாதிரி தளங்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனியா ஒரு விர்ச்சுவல் அக்கவுண்ட் நம்பர் தருவாங்க. அதோட ஐஎஃப்எஸ்சியை வச்சு எந்தக் கிளைன்னு தேடினாலும் பிரயோஜனம் இல்லை. அதனால போஸ்டர்ல இருந்த லிங்க்கைத் தொடாம, தளத்துக்குள்ள நாங்களே தேடினோம். அதே போட்டோ, அதே எஸ்டிமேட் கிடைச்சது. ஆனா க்யூஆர் வேற! அந்தப் பக்கத்து வழியாவே மெசேஜ் அனுப்பினோம். சாயங்காலம் அந்த அப்பா கூப்பிட்டார். "தம்பி, நீங்க அனுப்பின க்யூஆர் எங்களோடது இல்லப்பா"ன்னு சொன்னவருக்கு அப்புறம் பேச்சே வரலை. அப்படி ஒண்ணு சுத்துறதே அவருக்குத் தெரியாது.

அதுக்குள்ள எங்க சீனியர் ஒருத்தர் அதுல 2,000 ரூபாய் போட்டிருந்தார். அவரை உடனே 1930-க்குக் கூப்பிட வச்சோம். ட்ரான்ஸாக்‌ஷன்ல இருக்கிற 12 இலக்க யூடிஆர் எண்ணைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. cybercrime.gov.in-லயும் புகார் பதிவாச்சு. பணம் அடுத்த அக்கவுண்ட்டுக்குத் தாவுறதுக்குள்ள சொன்னாதான் முடக்க முடியும். கிளாஸ்ல சேர்ந்த பணத்தை ரெண்டு பேர் நேரா பில்லிங் கவுன்ட்டர்ல கட்டி, ரசீதை குரூப்ல போட்டாங்க.

இந்த முறையில எல்லாமே தெரிஞ்சுடாது. எஸ்டிமேட் தொகை நியாயமானதா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல எவ்வளவு கிடைக்கும், மிச்சப் பணம் என்ன ஆகும்னு இதுல தெரியாது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுல மருந்து சாப்பிடுறவங்களுக்கு பில்லிங் கவுன்ட்டர் வழியும் உதவாது. அவங்களை நேர்ல தெரிஞ்ச ஒருத்தரைக் கண்டுபிடிச்சுத்தான் கேட்கணும்.

நோயாளி எண் இல்லாத போஸ்டர் வந்தா, இப்பல்லாம் ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி அனுப்பினவங்ககிட்ட அந்த எண்ணைக் கேட்கிறேன். ஆஸ்பத்திரியில இருக்கிற குடும்பத்துக்கு அதைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அவங்க கையில இருக்கிற ஒவ்வொரு பில்லுலயும் அது அச்சாகியிருக்கும்.