கடைசி மூணு வரி

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஒப்புதல் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கையெழுத்துப் போட்டுடவா?" என்று கேட்டார். போட்டோ, "லென்ஸ் வைக்கும் பை கிழிந்தால்" என்பதோடு நின்றிருந்தது.

உங்களுக்கும் இப்படி வந்தால், மிச்சத்தை யூகித்துச் சொல்லாதீங்க. "கீழ்ப்பாதிய மட்டும் எடுங்கப்பா, கையெழுத்துப் போடுற கோடு தெரியணும்" என்றேன். அந்தக் கோடு தெரிந்தால்தான் பக்கம் முடிந்தது என்று அர்த்தம்.

விட்டுப்போன வரிகள் இவைதான்: அன்றே லென்ஸ் வைக்க முடியாமல் போகலாம், இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம்.

"கண்ணுக்குள்ள மெல்லிசா ஒரு பை இருக்குப்பா. அதுதான் லென்ஸைத் தாங்கும். கிழியறது அபூர்வம், ஆனா கிழிஞ்சா லென்ஸ் நிக்காம போகலாம்."

"அப்போ ரெண்டாவதுக்கும் இதே கையெழுத்தா?"

அதை டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். தனியாகக் கேட்டுத்தான் செய்வோம் என்றாராம். அதற்குப் பிறகே அப்பா பேனாவை எடுத்தார்.