சுவருக்குள் குடியிருக்கும் உண்ணி

நாயின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் தொற்றியிருக்கும் பழுப்பு நாய் உண்ணியின் உண்மையான வசிப்பிடம் நாயல்ல, சுவர். லார்வா, நிம்ஃப், முதிர்ந்த உண்ணி என்ற மூன்று பருவங்களிலும் அது நாயின் மேல் ஏறுவது இரத்தம் குடிக்க மட்டுமே. சில நாட்களில் வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ கதவு நிலையின் சந்திலோ ஒளிந்து தோலுரித்துக்கொள்கிறது, முதிர்ந்த பெண் உண்ணியானால் முட்டையிடுகிறது.

பல உண்ணி இனங்களுக்கு ஈரமான புல்வெளி வேண்டும். பருவத்துக்குப் பருவம் இரை விலங்கும் மாறும். பழுப்பு நாய் உண்ணிக்கு இரண்டுமே தேவையில்லை. வீட்டின் வறண்ட காற்றை அது தாங்கும். மூன்று பருவத்துக்கும் ஒரே நாய் போதும். அந்த நாயும் தினமும் அதே மூலையில் வந்து படுக்கிறது. வீட்டுக்குள்ளேயே வாழ்க்கைச் சுற்று முடிந்துவிடுவது இதனால்தான்.

ஒரு வீட்டில் நாயிடமிருந்து ஒரே ஒரு தாய் உண்ணி விழுகிறது என்று கொள்வோம். ஆமணக்கு விதைபோல் உப்பி, சாம்பல் நிறத்தில் இருக்கும் அது மேல்நோக்கி ஏறும் இயல்புடையது. சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம் ஒதுங்குகிறது. நான்கைந்து நாளில் முட்டையிடத் தொடங்கி, ஆயிரக்கணக்கில் இட்டுவிட்டுச் செத்துப்போகிறது. இரண்டு முதல் ஐந்து வாரத்தில் கடுகைவிடச் சிறிய ஆறுகால் லார்வாக்கள் பொரிகின்றன. நாய்க்கு மருந்துக் குளியல் போட்டு, உண்ணி ஒழிந்தது என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும்போது சுவரில் புள்ளி புள்ளியாக ஊர்பவை இவைதான். வெப்பமான சூழலில் இரண்டு மாதம் கடந்ததும் அடுத்த தலைமுறை முட்டையிடத் தயாராகிவிடும்.

ஆகவே நாய்க்கும் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் மருந்து வேண்டும். நாய்க்குக் கால்நடை மருத்துவர் எடைபார்த்துத் தரும் ஃபுளூராலனர், அஃபோக்சோலனர் வகை மாத்திரைகள் நன்கு வேலைசெய்கின்றன. இரத்தம் குடித்த உண்ணி செத்துவிடும் என்பதால், மருந்துண்ட நாய் உண்ணிகளுக்குப் பொறியாகிறது. நாயை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவது பயன் தராது. முதிர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேலும் பட்டினி கிடக்கும். நாய் கிடைக்காதபோது மனிதரையும் கடிக்கும்.

வீட்டில் விரிப்புகளை வெந்நீரில் துவைத்து, இடுக்குகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, அந்தப் பையை உடனே கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பூச்சிமருந்தைத் தரையில் மட்டும் தெளித்தால் போதாது. சுவரோரம், நிலைச்சட்டம், கூரை விளிம்பு, நாய்க்கூண்டின் மூலைகள் வரை எட்ட வேண்டும். முட்டைகளை மருந்து எளிதில் கொல்லாததால், பொரிந்தவற்றைப் பிடிக்க இரண்டு வார இடைவெளியில் மறுபடி தெளிக்க வேண்டும். தெளிக்கப் பயன்படும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. சில இடங்களில் உண்ணிகளும் அதை எதிர்க்கப் பழகிவிட்டன. கடைசியாக விரிசல்களைச் சிமெண்டால் அடைக்க வேண்டும்.

நாயின் மாத்திரையை மாதக்கணக்கில் இடைவிடாமல் தொடர வேண்டும். சுவரிலும் நாயிடமும் புதிய லார்வா தென்படாமல் சில மாதங்கள் கழிந்தால்தான் சுற்று அறுந்தது என்று கொள்ளலாம்.