நமது ரத்ததானப் பட்டியலும் அருகில் இருப்பவரும்



போன மாதம் நம் பழைய மாணவர் ஒருவரின் மனைவிக்குப் பிரசவ நேரத்தில் ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. நம்மிடம் 140 பேர் கொண்ட பட்டியல் இருக்கிறது. ஆனால் அது அகர வரிசையில் இருப்பதால், மேலிருந்து ஒவ்வொருவராக அழைத்து ஊர் கேட்டு வரவே முக்கால் மணி நேரம் போய்விட்டது. தாயும் சேயும் நலம். அதன்பின் அந்தப் பட்டியலை, மருத்துவமனைக்கு யார் அருகில் என்ற வரிசையில் தானே அடுக்கிக்கொள்ளும்படி கூகுள் ஷீட்ஸில் மாற்றினேன். எப்படி என்று எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் உதவும்.

பெயர் A, ரத்த வகை B, அட்சரேகை C, தீர்க்கரேகை D. மேப்பில் உங்கள் தெருவை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும், முதலாவது அட்சரேகை. இரண்டு தசம இடம் போதும். அதுவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் துல்லியம் தரும், வீடும் வெளியே தெரியாது. மருத்துவமனையின் எண்களை G1, H1 கட்டங்களில் இட வேண்டும்.

இனி தூரம். ஒன்பதாம் வகுப்பில் படித்த சூத்திரம் நினைவிருக்கும்: வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் காண்பது. இங்கே அது அப்படியே பொருந்தாது. வடக்கு தெற்காக ஒரு பாகை எங்கும் சுமார் 111 கி.மீ. கிழக்கு மேற்காக ஒரு பாகை திருச்சியில் 109 கி.மீ.; துருவத்தை நெருங்க நெருங்க அது சுருங்கி, லண்டனில் 69 கி.மீ. ஆகிவிடுகிறது. இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகள் கவனியுங்கள். லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ் 0.74 பாகை, ரெடிங் 0.85 பாகை என்று பழைய சூத்திரம் சொல்லும். உண்மையில் கேம்பிரிட்ஜ் 80 கி.மீ., ரெடிங் 59 கி.மீ. வரிசையே தலைகீழாகிறது.

ஆகவே உருண்டைப் பூமிக்கான சூத்திரத்தை E2-இல் இட்டு, கீழ்வரை இழுத்துவிடுங்கள்:

```
=6371*2*ASIN(SQRT(SIN(RADIANS(C2-$G$1)/2)^2+COS(RADIANS($G$1))*COS(RADIANS(C2))*SIN(RADIANS(D2-$H$1)/2)^2))
```

6371 என்பது கிலோமீட்டரில் பூமியின் ஆரம். டாலர் குறி, இழுக்கும்போது மருத்துவமனையின் கட்டம் நகராமல் பிடித்துக்கொள்ளும். ஷீட்டுக்குப் பாகை தெரியாது, ரேடியன்தான் தெரியும்; அதற்காகத்தான் RADIANS.

சரிபார்க்க, G1, H1-இல் திருச்சி 10.79, 78.70, C2, D2-இல் தஞ்சாவூர் 10.79, 79.14 என்று இடுங்கள். 48 கி.மீ. வர வேண்டும். ஐந்நூறுக்கு மேல் வந்தால் RADIANS விடுபட்டிருக்கிறது. யாராவது ஒருவருக்கு எட்டாயிரம் கி.மீ.க்கு மேல் காட்டினால், அவருடைய எண்கள் காலியாக இருக்கலாம் அல்லது இடம் மாறியிருக்கலாம். திருச்சியின் இரண்டு எண்களையும் மாற்றிப் போட்டால் வட துருவத்தின் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போய் நிற்போம்!

கடைசியாக அடுக்குவது. E நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தக் கூடாது. மற்ற நெடுவரிசைகள் அதோடு சேர்ந்து நகராது. அதைவிட J2-இல் இதை இடுங்கள்:

```
=SORT(FILTER(A2:E141,B2:B141="O-"),5,TRUE)
```

தேவையான வகையினர் மட்டும், அருகில் இருப்பவர் முதலாக, தனியே வந்து நிற்பார்கள். மூலப் பட்டியல் கலையாது. அடுத்த முறை வேறு மருத்துவமனை என்றால் G1, H1-ஐ மட்டும் மாற்றினால் போதும். வரிசை உடனே மாறிவிடும்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். இது காக்கை பறக்கும் தூரம். திருச்சிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: காவிரி, கொள்ளிடம் இரண்டுக்கும் அக்கரையில் இருப்பவர் பட்டியலில் மிக அருகில் தெரிவார்; ஆனால் பாலம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் இக்கரைக்கு வர முடியும். அதனால் மேலே வரும் முதல் ஐந்து பேருக்கு மட்டும் மேப்பில் சாலை நேரம் பார்த்துவிட்டு, பிறகு அழையுங்கள்.

பட்டியலில் இன்னும் 23 பேருக்கு எண்கள் காலியாக இருக்கின்றன. பெயர், ரத்த வகை, இரண்டு எண்கள். இங்கே பின்னூட்டத்தில் வேண்டாம். எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஊர் மாறியவர்களும் புதிய எண்களைத் தெரிவியுங்கள்.