அத்தை அனுப்பிய பஞ்சாங்கப் பக்கமும் ஒரு பௌர்ணமியும்

கம்பத்தில் இருக்கும் என் அத்தைக்கு, சித்ரா பௌர்ணமி என்றாலே மங்கலதேவி கண்ணகி கோயில்தான். தமிழக-கேரள எல்லையில் மலைமேல் இருக்கும் அந்தக் கோயிலுக்கு, வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பக்தர்களை அனுமதிக்கிறார்கள். தேதி தப்பினால் அடுத்த வருஷம்தான்! 2025 சித்திரை மாதத்துக்கான திருக்கணிதப் பஞ்சாங்கப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவர், "எல்லார் போன்லயும் தெரியுற மாதிரி போட்டுக் குடு தங்கம். பௌர்ணமி எப்ப பிறக்குது, எப்ப முடியுதுன்னும் வேணும்" என்றார்.

போட்டோவிலிருந்து எழுத்தை எடுப்பது ஒரு நிமிஷ வேலை. அதை அட்டவணையாக்குவதில்தான் விஷயமே இருக்கிறது.

சித்திரை 28, அதாவது மே 11 வரிசையில் 'சதுர்த்தசி 35-42' என்றும், மறுநாள் வரிசையில் 'பௌர்ணமி 41-42' என்றும் இருந்தன. இவை மணி, நிமிடம் அல்ல, நாழிகை, விநாடி. சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாடி 24 நொடி. அச்சில் இருப்பது திதி முடியும் நேரம் மட்டுமே. பௌர்ணமி பிறக்கும் நேரம் வேண்டுமென்றால், முந்தைய வரிசையில் சதுர்த்தசி முடியும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் உதயம் 5.44 என்றிருந்தது. அது சென்னைக் கணக்கு. தேனிப் பக்கம் சூரியன் சுமார் 15 நிமிடம் தாமதமாகத்தான் உதிக்கும். ஆனாலும், பக்கத்தில் உள்ள உதயத்தோடுதான் கூட்ட வேண்டும். நம்மூர் உதயத்தைப் போட்டால் விடையும் 15 நிமிடம் தள்ளிப்போகும். 35-42 என்பது 14 மணி 17 நிமிடம், 5.44-உடன் கூட்டினால் இரவு 8.01. 41-42 என்பது 16 மணி 41 நிமிடம்; கூட்டினால் இரவு 10.25. அட்டவணையில் இப்படி ஏற்றினேன்:

```
பௌர்ணமி | 2025-05-11 20:01 | 2025-05-12 22:25
```

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனியாகத் தேதி போட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒரே தேதிக் கட்டம் வைத்தால், முதல் நாள் இரவே பிறந்துவிடும் திதியை அதில் எழுத முடியாது. கூட்டி வரும் விடை இரவு 12-ஐத் தாண்டினாலும், பஞ்சாங்கத்தில் அதே வரிசைதான். ஆங்கிலத் தேதியோ மாறிவிடும்.

போட்டோவில் 1 என்பது 7 ஆகவோ, நடுவிலுள்ள கோடு காணாமல் 4142 என்றோ வரலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு திதியின் நீளம் ஏறத்தாழ 50 முதல் 67 நாழிகைக்குள்தான் இருக்கும். 60-லிருந்து முதல் நாள் எண்ணைக் கழித்து, மறுநாள் எண்ணைக் கூட்டுங்கள். இங்கே சரியாக 66. அதே 41, 47 ஆகியிருந்தால் 72 வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

அட்டவணையில் 'எந்தப் பஞ்சாங்கம்' என்று ஒரு கட்டமும் சேர்த்தேன். வாக்கியப் பஞ்சாங்கத்தில் இதே திதி சில மணி நேரம்கூட முன்பின்னாக இருக்கலாம். இரண்டையும் கலந்துவிட்டால் எந்தச் சரிபார்ப்பும் உதவாது. அத்தை அதைப் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "அப்ப விரதத்தை ஞாயித்துக்கிழமை ராத்திரியே ஆரம்பிச்சுரணுமா?"