ஒரு கால் மட்டும் ஏன் இழுக்கிறது?

நாங்கள் ஆறு பேர், எல்லோரும் ஓய்வூதியக்காரர்கள், வாரத்தில் நாலு நாள் காலையில் ஷட்டில் ஆடுகிறோம். மூன்றாவது ஆட்டம் முடிகிற நேரத்தில் யாருக்காவது கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். "உடம்புல உப்பு கொறஞ்சுடுச்சு, மோர்ல உப்புப் போட்டுக் குடுங்க சார்" என்று உடனே ஒரு குரல் எழும்.

எனக்கு இதில் வெகுநாளாக ஒரு சந்தேகம். வியர்வையில் உப்பு போனால் உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்தில்தானே அது குறைய வேண்டும்? அப்படியானால் ஓடித் தாவிய கெண்டைக்கால் மட்டும் ஏன் இழுக்கிறது? சும்மா தொங்கிக்கொண்டிருந்த இடது கைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

உப்புக் கதை ஆதாரமில்லாமல் வந்ததல்ல. 1920களில் இங்கிலாந்தின் வெப்பமான நிலக்கரிச் சுரங்கங்களில் வியர்த்துக் கொட்ட வேலை செய்து, வெறும் தண்ணீரை நிறையக் குடித்தவர்களுக்குத் தசைகள் முறுக்கிக்கொண்டன. தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சேர்த்துக் கொடுத்ததும் அது குறைந்தது. அந்தப் பாடம் அப்படியே விளையாட்டு மைதானத்துக்கும் வந்துவிட்டது.

தென்னாப்பிரிக்காவின் மார்ட்டின் ஷ்வெல்னஸ் என்ற விளையாட்டு மருத்துவர் 1997இல் வேறொரு விளக்கம் சொன்னார். பிறகு அவருடைய குழுவினர் 56 கிலோமீட்டர் ஓடியவர்களின் ரத்தத்தையும் சோதித்தார்கள். இழுத்துக்கொண்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நீரிலோ உப்பிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நீண்ட போட்டியில் பார்த்தபோது, வேகமாகப் போனவர்களுக்கும் முன்பே இழுத்துக்கொண்ட அனுபவம் உள்ளவர்களுக்கும்தான் அது அதிகம் வந்திருந்தது.

அவர் சொன்ன விளக்கம் இதுதான். தசைக்குள் நீளத்தை அளக்கும் உணர்விகள் உண்டு. அவை தண்டுவடத்துக்கு "சுருங்கு" என்று தூண்டுதல் அனுப்பும. தசைநாரில், அதாவது தசை எலும்போடு சேரும் கயிற்றுப் பகுதியில், வேறு உணர்விகள் உண்டு. இழுவிசை கூடினால் அவை "போதும், தளர்த்து" என்று சொல்லும். தசை களைத்துப்போனால் முதலாவது சத்தமாகப் பேச ஆரம்பிக்கிறது, இரண்டாவது அடங்கிப் போகிறது. அந்த நேரத்தில் தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருந்துகொண்டு வேலை செய்தால், தசைநாரில் இழுப்பே இருக்காது. தளர்த்தச் சொல்லவும் ஆளில்லை. நரம்பு விடாமல் சுடுகிறது, தசை பூட்டிக்கொள்கிறது. நம் ஊரில் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்பார்கள். அவர்கள் நரம்பு என்று சொல்வது வேறெதையோ என்றாலும், வார்த்தை சரியாகத்தான் வந்து விழுந்திருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர். வலைக்கருகே குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நின்று எட்டி அடித்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். நுனிக்காலில் நிற்கும்போது கெண்டைத்தசை குறுகித்தான் இருக்கும். கெண்டை உருண்டு கல்போல இருந்தது. முழங்காலை நீட்டிவைத்து, பாதத்தை மெதுவாக அவர் பக்கமாக வளைத்துப் பிடித்தேன். அரை நிமிடத்துக்குள் இளகியது. மோர் வந்து சேரவே இல்லை! இழுத்துப் பிடிக்கும்போது தசைநாரில் விசை ஏறி, அந்த இரண்டாவது உணர்வி விழித்துக்கொள்கிறது. சட்டென்று விட்டுவிட்டால் மறுபடி பிடிக்கும். அதனால் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். முறுக்கிக்கொண்ட தசையை முரட்டுத்தனமாகப் பிசைவது எனக்கு உடன்பாடில்லை.

இதைவிட வேடிக்கையான சோதனை ஒன்று அமெரிக்காவில் 2010இல் வெளியானது. வியர்க்க வைத்து நீர் குறைந்த இளைஞர்களுக்கு, கால் பெருவிரலை மடக்கும் தசையில் மின்சாரத்தால் இழுப்பை வரவழைத்தார்கள். சிலமுறை தண்ணீரும் சிலமுறை வெள்ளரி ஊறிய வினிகர் நீரும் குடிக்கக் கொடுத்தார்கள். எடைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு மில்லி, எழுபது கிலோ ஆளுக்கு எழுபது மில்லி. ஊறுகாய் நீர் குடித்தபோது சுமார் ஒன்றரை நிமிடத்தில் இழுப்பு விட்டது. தண்ணீரைவிட முக்கால் நிமிடத்துக்கும் மேல் சீக்கிரம். அந்த நேரத்துக்குள் அதிலுள்ள உப்பு ரத்தத்தில் கலந்து தசைக்குப் போயிருக்க முடியாது. தொண்டையில் படும் புளிப்புக்காரம் ஒரு அனிச்சைச் செயலைக் கிளப்பி நரம்பை அடக்குகிறது என்று கருதினார்கள். நம்ம வீட்டு எண்ணெய் ஊறுகாயை எடுத்துக் குடித்துப் பார்க்க வேண்டாம். அது வேறு சரக்கு.

இதனால் உப்புக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மணிக்கணக்கில் வெயிலில் வியர்த்து, வெறும் தண்ணீரையே குடித்தவருக்குக் கால், வயிறு, கை என்று பல இடத்தில் இழுத்தால் அங்கே உப்பையும் நினைக்கத்தான் வேண்டும். மின்சாரத்தால் வரவழைத்த இழுப்பும் மைதானத்தில் வருவதும் ஒன்றேதான் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ரத்த அழுத்தத்துக்காகச் சிலர் உப்பைக் குறைத்திருப்பார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பிடி உப்பு என்பது அவர்களுக்குக் கெடுதல்.

இன்னொன்று. பாதத்தை வளைத்தால் இளகுவதுதான் இழுப்பு. இளகாமல், ஒரு கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக இருந்து, நாள்கணக்கில் வலித்தால் அது ரத்தக்கட்டியாகக்கூட இருக்கலாம். அதை நீவாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.