கணுவுக்கு எத்தனை கால்?

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் இரவு, என் தங்கை மகள் கைபேசியில் ஒரு புகைப்படத்தை அனுப்பி, "மாமா, குளியலறையில் ஜலதாரை ஓரமாக இது கிடக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு பக்கத்திலேயே கணுவுக்கு இரண்டிரண்டு காலாகத் தெரிகிறது. மரவட்டைதானே? கையாலேயே எடுத்து வெளியே போட்டுவிடட்டுமா?" என்று கேட்டிருந்தாள். வெள்ளை ஓட்டுத் தரையில் செந்நிறமாய், ஒரு விரல் நீளத்துக்கு நெளிந்து கிடந்தது அந்த ஜந்து.

அவள் கைக்கொண்ட விதி சரியானதுதான். பூரானுக்குக் கணு ஒன்றுக்கு ஒரே ஜோடிக் கால். மரவட்டையின் வளையம் ஒவ்வொன்றும் இரண்டு கணுக்கள் ஒன்றாய்ப் பொருந்தி அமைந்ததாகையால், அதற்கு வளையத்துக்கு இரண்டு ஜோடி. ஆனால் இந்த விதியைச் சரீரத்தின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாகாது. மரவட்டையின் தலைக்கு அடுத்த வளையத்தில் கால்களே கிடையா. அதற்கடுத்த மூன்று வளையங்களிலும் ஒவ்வொரு ஜோடிதான் உண்டு. வாலை ஒட்டிய இடத்திலும் காலற்ற வளையங்கள் இருக்கும். ஆகவே தலைப்பக்கத்தை மட்டும் எண்ணுகிறவர் மரவட்டையைப் பூரான் என்று முடிவு கட்டிவிடக்கூடும். எண்ண வேண்டிய இடம் உடலின் நடுப்பகுதி; அதிலும் ஒரு பக்கத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, ஒரு கணுவின் விளிம்பிலிருந்து அடுத்த விளிம்பு வரையில் எத்தனை கால் புறப்படுகிறதென்று பார்ப்பதே போதுமானது.

நடுப்பகுதியைத்தான் அவளும் எண்ணியிருந்தாள். ஆயினும் கைபேசியின் விளக்கு பளிச்சென்று அடித்ததால், ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் அதன் நிழலும் வெள்ளைத் தரையில் விழுந்து, கால்களின் தொகை இரட்டித்துத் தோன்றியது. இதைப் பிரித்தறிய வழி ஒன்று உண்டு: பாதங்களை எண்ணாமல், கால் உடலோடு சேருகிற மூட்டை எண்ண வேண்டும், கால் எதுவோ அது உடலில் போய் முடியும், நிழலோ தரையிலேயே மங்கி நின்றுவிடும். அப்படி மூட்டு மூட்டாக எண்ணிக்கொண்டு வந்தபோது, கணுவுக்கு ஒன்றாக ஒரு பக்கத்தில் இருபத்தொரு கால்கள் இருந்தன. வளர்ந்த பூரானின் கால் ஜோடிகள் எப்போதும் ஒற்றைப்படையிலேயே அமையும் என்பதும், நம் வீடுகளில் காணும் பெரிய பூரான்களுக்கு 21 ஜோடிகள் இருப்பதே வழக்கம் என்பதும் அறிந்த விஷயங்களாகையால், எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. கடைசி ஜோடி மற்றவற்றைவிட நீண்டு பின்னால் இழுபட்டுக் கிடந்ததும், கால்கள் வயிற்றுக்கு அடியிலிருந்து அல்லாமல் விலாப்பக்கத்திலிருந்து பரந்து நின்றதும், தலையில் நீண்ட உணர்கொம்புகள் இருந்ததும் அதே முடிவைத்தான் உறுதிசெய்தன.

"கையை வைக்காதே, அது பூரான், அகன்ற வாய்ப் பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையைச் செருகி எடு" என்று உடனே பதில் எழுதினேன்.

பூரானின் விஷம் அதன் வாயில் இல்லை. தலைக்கு அடுத்த முதற்கணுவின் கால்களே கொடுக்குகளாக மாறி, அவற்றின் நுனி வழியாக விஷத்தைச் செலுத்துகின்றன. அதனால்தான் கடிபட்ட இடத்தில் அருகருகே இரண்டு புள்ளிகள் காணப்படும். நெருப்புப் பட்டாற்போன்ற எரிச்சலும் வீக்கமும் பல மணி நேரம் இருந்து, ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தாமே அடங்கிவிடும். கடிவாயைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, தோல் வெந்துபோகாமல் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அமிழ்த்தி வைத்தால் வலி தணிவது உண்டு. மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும், கடிபட்டது சிறு குழந்தையானாலும், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மரவட்டை கடிப்பதில்லை, கொட்டுவதும் இல்லை. மக்கிய இலைகளைத் தின்று வாழ்கிற அந்தச் சாதுப் பிராணி, தொட்டவுடன் சுருண்டுகொள்ளும். எனினும் அதை நசுக்கவோ வெகுநேரம் கையில் வைத்திருக்கவோ கூடாது. வளையங்களின் பக்கத்துத் துவாரங்களிலிருந்து அது கசியவிடும் திரவம் தோலில் பழுப்புக் கறையையும் எரிவையும் உண்டாக்கும். அந்தக் கையாலேயே கண்ணைத் தேய்த்தால் கண்ணுக்குக் கடுமையான தீங்கு நேரிடும். அவ்வாறு நேர்ந்தால் சுத்தமான தண்ணீரை ஏராளமாக விட்டுக் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தவழ்கிற வயதில் குழந்தை உள்ள வீடானால், கண்டதையெல்லாம் பிடித்து வாயில் போட்டுக்கொள்ளும் அதன் கைக்கு எட்டாமல், மரவட்டையையும் முறத்தால் வாரித் தோட்டத்தில் விட்டுவிடுவதே நல்லது.

அவள் வீட்டுக்குப் பூரான் வந்த காரணமும் எளிதில் விளங்கக்கூடியதே. அதன் மேல்தோல் ஈரத்தைக் காத்துவைக்க வல்லதன்று. காய்ந்த இடத்தில் வெகு சீக்கிரம் வாடிவிடும். ஆகவே இரவில் கரப்பான் முதலியவற்றைத் தேடி ஜலதாரை வழியாக ஏறிவந்து, ஈரமுள்ள அறையிலேயே தங்கிவிடுகிறது. தாரையின் வாயில் நெருக்கமான சல்லடை போட்டு, இரவில் தரையைத் துடைத்து உலரவைக்கும்படி அவளுக்கு எழுதியிருக்கிறேன்.